தோள்மேல் இருந்த கை

ஆம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் டிசைனராக இருக்கும் முத்துமாரியிடம் சம்பத்தும் அவர் மனைவி அமிர்தவள்ளியும் ஒரு படத்தைக் கொடுத்தார்கள். அதில் அமிர்தி அருவிக்கு முன்னால் அவர்கள் மகள் நிவேதாவும், அவளோடு ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அன்பரசனும் நின்றிருந்தார்கள். சாதியைச் சொல்லிச் சம்பத் கல்யாணத்தைத் தடுத்தார். போன மாதம் இருவரும் சேர்ந்தே உயிரை விட்டார்கள்.

“ரெண்டு பேருக்கும் கல்யாண மாலை போட்டுக் குடும்மா,” என்றார் அமிர்தவள்ளி.

முத்துமாரி கம்ப்யூட்டரில் மாலைகளைத் தோள் சரிவுக்கு ஏற்ப வளைத்து, கழுத்துக்குப் பின்னால் போகும் பகுதியை அழித்தாள். நிவேதாவின் பின்னலை மாலைக்கு மேலே கொண்டுவந்தாள். வெயில் இடப்பக்கமிருந்து விழுந்ததால் நிழலை வலப்பக்கம் மெல்லிசாகப் பூசினாள். அன்பரசனின் கை நிவேதாவின் தோளில் இருந்தது.

“மாலையை அந்தக் கை மேல போட்டு மறைச்சிடும்மா,” என்றார் சம்பத்.

“கைக்கு அடியில போனாத்தாங்க சரியா இருக்கும். மேல போட்டா ஒட்டுன மாதிரி தெரியும்.”

“பரவால்ல. சொந்தக்காரங்க வந்து பாப்பாங்க.”

அமிர்தவள்ளி கணவர் பக்கம் திரும்பினார். “அந்தக் கையை எடுக்கச் சொல்லித்தான் ரெண்டு பேரையும் வாரிக் குடுத்தோம். இன்னும் இன்னா வேணும் உனக்கு?”

சம்பத் எழுந்து வெளியே போய்விட்டார்.

முத்துமாரி மாலையை விரல்களுக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு விரலின் நிழலையும் பூக்கள்மேல் விழவைத்தாள். நிஜமாகவே கல்யாணம் நடந்தது போலிருந்தது. அமிர்தவள்ளியால் அதைப் பார்க்க முடியவில்லை.