கால் பங்கு திறந்தே இருக்கட்டும்

தோல் பை ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் கணக்காளருக்கு வங்கியில் டாலர் வாங்கி விற்கும் டீலரின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். ஆர்டர் உறுதியாகும்போதெல்லாம், மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலருக்கு அவள் இன்றே விலை பேசி வைப்பாள். லாபம் எட்டு சதவீதம். டாலர் ஐந்து சதவீதம் சரிந்தாலே பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். அந்தப் பயம்தான் ஐந்து வருடமாக அவர்களைப் பேச வைத்தது. அழைப்புகள் பதிவாகும் என்பதால் தொகை, தேதி, விலை தவிர ஒரு வார்த்தை கிடையாது.

இன்று முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "டாலர் நல்ல விலையில நிக்குது. வருஷத்துக்கும் மொத்தமா புக் பண்ணிடுங்க. தினம் போன் பண்ற வேலை மிச்சம்."

இனி வருஷத்துக்கே ஒரு அழைப்புதான் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"முக்கால் பங்கு போதும் சார். உறுதியாகாத ஆர்டருக்கும் புக் பண்ணி, அது ரத்தானா, வராத டாலருக்கு நாமதான் வங்கிக்குப் பதில் சொல்லணும்."

காரணம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் வங்கிக்குப் போன் செய்து, வருடத் தொகையில் முக்கால் பங்கை மட்டும் புக் செய்யச் சொன்னாள். டீலர் தொகையையும் விலையையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டான். பிறகு கேட்டான்: "மிச்சம் கால் பங்கு?"

"ஆர்டர் வர வர, கொஞ்சம் கொஞ்சமா கூப்பிடுறேன்."

பதிவாகும் இணைப்பில், தொகையோ தேதியோ விலையோ இல்லாத முதல் வார்த்தை அவனிடமிருந்து வந்தது.

"கொஞ்சம் கொஞ்சமாவே கூப்பிடுங்க," என்றான்.