வேல்ராஜ் மறுபடி எழுதினான்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் மெர்சி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்திருந்த வேல்ராஜ் என்ற மெக்கானிக்கல் மாணவன் அன்று மறுபடி மெயில் அனுப்பியிருந்தான். ‘விண்ணப்பம் கிடைத்தது என்று தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. யாராவது பார்த்தீர்களா என்று தெரிந்தால் போதும்.’

அந்த இன்டர்ன்ஷிப் இடங்களைப் பற்றி மெர்சி தன் மேனேஜர் தாவீதிடம் கேட்டாள்.

“அதெல்லாம் நம்ம சப்ளையருங்க வூட்டுப் பசங்களுக்குப் போன மாசமே குடுத்தாச்சும்மா.”

“அப்போ வெப்சைட்ல ஏன் சார் இன்னும் மூடல?”

“இருந்துட்டுப் போவட்டும். நாலு பேர் அப்ளை பண்ணாதான கம்பெனிக்குப் பேரு? நீ பதில் போடாத, அவனே வுட்டுருவான்” என்று டீயை உறிஞ்சினார்.

மெர்சி தன் இடத்துக்குத் திரும்பினாள். விண்ணப்பங்கள் வந்து விழும் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒன்றைக்கூட யாரும் படித்திருக்கவில்லை. இடங்கள் நிரம்பிவிட்டன, காத்திருக்காமல் வேறிடம் பாருங்கள் என்று தன் பெயரைப் போட்டே வேல்ராஜுக்கு எழுதினாள்.

உடனே பதில் வந்தது. ‘ரொம்ப நன்றி மேடம். எழுதிய கம்பெனிகளில் பதில் போட்டது நீங்கள் மட்டும்தான்.’

அந்த நன்றி அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இல்லை என்ற ஒரு வார்த்தைக்கே ஒரு பையனை இப்படிக் கும்பிட வைத்திருக்கிறோமே என்று நினைத்தபடி, படிக்காத அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தாள்.