வெளங்காத எழுத்து

"கல்யாணத்துல லைட்டை இப்படி முன்னாடி வெச்சாத்தானுங்க மிஸ் பொண்ணு மூஞ்சி பளிச்சுன்னு வரும்."

"இங்க யாருங்க பொண்ணு? சமன்பாட்டு மேல நிலா உதிச்சிருக்குது, பாருங்க."

அறிவழகன் குனிந்து கேமராத் திரையைப் பார்த்தான். வெள்ளைப் பலகையின் நடுவே, சமன்பாட்டில் பாதியை விழுங்கிவிட்டு, ஒளிவட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. நாமக்கல் வட்டாரத்துக் கல்யாணங்களில் பாதியைப் படம்பிடித்தவன் அவன். பலகையைப் பிடிப்பது இதுதான் முதல்முறை.

அவனோடு பேசிய மோகனப்பிரியா, பாடங்களை வீடியோ எடுக்கும் அந்தத் தனியார் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை. வருசத்துக்கு வருசம் நீட்டிக்கப்படும் வேலை. "வீடியோ நல்லா வந்துட்டா அடுத்த வருசம் பிசிக்ஸைப் பத்திக் கவலையே இல்லீங்க மிஸ்" என்று தாளாளர் தீர்த்தகிரி சொன்னதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. கவலையில்லை என்றால் நிரந்தரம், வேறென்ன?

"பலகை கண்ணாடி மாதிரிங்க. எந்தச் சாய்வுல லைட்டு விழுதோ அதே சாய்வுல திரும்பும். கேமராகிட்டயே வெச்சா கேமராவுக்கே திரும்பி வரும். ரெண்டு ஓரமும் நல்லாத் தள்ளி வெச்சு, சாய்ச்சு அடிங்க."

நிலா மறைந்தது. ஒரு விளக்கு போட்ட கைநிழலை எதிர் விளக்கு கழுவிவிட்டது. ஜன்னலைச் சாத்தி, பலகைக்கு எதிரே எரிந்த டியூப்லைட்டை அணைத்தாள். வெள்ளையைக் கண்டு மிரண்ட கேமரா படத்தை மங்கலாக்கியது; வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி அப்படியே பூட்டி வைக்கச் சொன்னாள். புது மார்க்கரில், கறுப்பிலும் நீலத்திலும் மட்டும், பெரிதாக எழுதினாள். எழுதிவிட்டு ஒதுங்கி நின்றாள். போனில் போட்டுப் பார்த்தபோது, திசைவேகத்தின் தலையில் போட்ட அம்புக்குறிகூடத் தெரிந்தது.

அடுத்து கணக்கு வாத்தியார் ஈஸ்வர்; அவருக்கும் வருசத்துக்கு வருசம் நீட்டிக்கும் வேலைதான். அதே விளக்கு, அதே மார்க்கர். பலகையை மறைத்து நின்று எழுதினார், உள்ளங்கையால் அழித்தார், அழித்த அழுக்கின் மேலேயே மறுபடி எழுதினார். மழைக்குப் பயந்தோடும் எறும்புகள் மாதிரி எண்கள் மேலேறின.

"சார், இது ரெண்டா ஏழா?" என்றான் அறிவழகன்.

"எதை வேணா வெச்சுக்க சாமி, விடை வந்துரும்."

மூன்று தடவை எடுத்தும் வெளங்கவில்லை. பாவம், இந்த மனுசனுக்கு அடுத்த வருசம் இல்லை என்று மோகனப்பிரியா உச்சுக்கொட்டினாள்.

சாயங்காலம் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்.

"அருமைங்க மிஸ்! நேர்ல பாக்கற மாதிரியே இருக்குது. இனி எத்தனை வகுப்புக்கு வேணும்னாலும் இதையே ஓட்டிக்கலாம். அடுத்த வருசம் நீங்க பரமத்தி வேலூர்ல இருந்து தினமும் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லீங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஈஸ்வர் சாருங்க?"

"அந்தக் கொடுமைய ஏன் கேக்கறீங்க! அவரு எழுத்து வீடியோவுல வெளங்கித் தொலைய மாட்டேங்குது. ஆளு நேர்ல நின்னாத்தான் ஆகும். நிரந்தரமே பண்ணிட்டனுங்க."

வெளியே வந்தாள். வராந்தாவில் வேதியியல் ஆசிரியை அறிவுச்செல்வி இரண்டு புது மார்க்கரோடு காத்திருந்தாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு ஷூட்டிங். நல்லா வந்துட்டா கெமிஸ்ட்ரியைப் பத்திக் கவலையே இல்லைன்னு சார் சொல்லிட்டாரு. என்னுதும் உங்களுது மாதிரியே பளிச்சுன்னு வரோணுங்க்கா. லைட்டை எப்படி வெக்கறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க்கா."