மூடிய கண்

"அக்கா, இந்தக் கருப்பைப் போக்கிடுங்க. புதுசா வர்றவளுக்குப் பளபளன்னு இருக்கணும்," என்றார் என் வெள்ளிப் பட்டறைக்கு வந்தவர். இறந்துபோன மனைவி தூங்கும்போது பார்த்துச் செதுக்கவைத்த வெள்ளிப் பதக்கம் அது, கண்மூடிய முகம்.

"அந்தக் கருப்புலதாங்க முகமே இருக்கு. காஞ்ச மெல்லிசுத் துணியால லேசா துடைங்க, போதும். பாலிஷ் பக்கமே போகாதீங்க," என்றேன்.

சொன்னால் கேட்கிற ஆளா? வெள்ளி கழுவுகிற திரவம் வாங்கி, அதில் முக்கி, மூக்கும் முழியும் தெரியாத வெளுத்த தகடாகக் கொண்டுவந்து நின்றார்.

தலையில் அடித்துக்கொண்டு, கந்தகக் கரைசலில் போட்டு மறுபடி கறுக்க வைத்தேன். அலசி, மேடுகளை மட்டும் தேய்த்தேன். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் மின்னின; பள்ளங்களில் கருப்பு நின்றது. இமைகளும் மேடுதான். ஆனால் அவற்றின் நடுவில் இரண்டு கரும்புள்ளிகள் போகவே இல்லை. அழுத்தித் தேய்த்தேன். இன்னும் கறுத்தன.

அவர் எட்டிப் பார்த்தார். "அவ கண்ணை மூடிட்டுத்தானே இருந்தா?"

"பள்ளம் இருந்தாத்தாங்க கருப்பு தங்கும். நான் உளியைத் தொடவே இல்லீங்க."

அவர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். புள்ளிகளும் நகர்ந்தன.