மூச்சு வாங்கும் இடம்

அண்ணன் என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான் என்று எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவன் எழுதிய தாளே காட்டிக்கொடுத்தது.

ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இருவருக்கும் வேலை. ஆவணப்படங்களுக்கு அவன் எழுதுவான். நான் குரல் கொடுப்பேன். என் மூச்சு எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒவ்வொரு வரியையும் தானே வாய்விட்டுப் படித்துப் பார்ப்பான். சின்ன வாக்கியமாக வெட்டுவான். பொருள் முடிகிற இடம் பார்த்து, நான் மூச்சு வாங்க ஒரு சாய்கோடு போடுவான்.

இந்த வாரத் தாளில் 'ஆமை மணலை / தோண்டும்' என்று இருந்தது. நாலு சொல்கூட இல்லாத வரிக்கு நடுவில் எதற்குக் கோடு? அப்படி நிறுத்திப் படித்தால் கேட்கிறவர்கள் ஆமைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள்.

ஒலிப்பதிவாளர் வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். "புதுசா ஒரு பொண்ணு வந்து குரல் குடுத்துப் பாத்துட்டுப் போச்சுக்கா."

அப்படியானால் இது அவளுக்கு எழுதியது. குருவி மூச்சுக்காரி போலிருக்கிறது. 

அண்ணன் அறைக்குப் போனேன். எப்போதும் திறந்து கிடக்கும் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்ததும், மேசையில் இருந்த தாளைச் சட்டென்று கவிழ்த்தான்.

"யாருக்கு எழுதறே?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"புதுசா வந்தாளே, அவளுக்கா?"

"அது ஏதோ விளம்பரத்துக்கு வந்த பொண்ணு, லூசு."

நான் நம்பவில்லை. பழைய தொடரிலிருந்து ஒரு வரியை எடுத்து நீட்டினேன். "எனக்கு எழுதினது இது. படிச்சுக் காட்டு, பாப்போம்."

மழுப்பிச் சிரித்தான். நான் விடவில்லை. படித்தான்.

"இரவெல்லாம் நடந்து களைத்த யானைக் கூட்டம்..."

அதற்குமேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நெஞ்சு பழைய கதவு போலக் கிறீச்சிட்டது.

எனக்குக் கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது.

"எப்போலேர்ந்து?"

"முதல்ல படி ஏறினாத்தான் வாங்கிச்சு." நிறுத்தினான். "இப்ப உக்காந்திருந்தாலும். என் மூச்சு நிக்கிற இடத்துல கோடு விழுந்துடுது. அப்புறம் அழிச்சுடலாம்னு நினைப்பேன், மறந்துடறேன்."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"இந்தத் தொடர் முடியட்டும். முதலாளிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவார்."

கவிழ்த்து வைத்திருந்த தாளைத் திருப்பினேன். இன்று காலை எழுதியது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு கோடு.

"எழுந்திரு."

"பதிவு இருக்கே?"

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கறேன். பேசாம செருப்ப மாட்டு."