அரை வினாடி மௌனம்

அறையில் இருவர்: திரைக்கு முன்னால், ஆவணப்படத்தின் அடியில் ஓடும் வசன வரிகளைச் சுருக்கும் அக்கா, அவள் தோளுக்குப் பின்னால் மேலாளர். திரையில், ஆலைத் தீயில் தப்பிய தையல்காரம்மா, "முதலாளிதான் கதவைப் பூட்டச் சொன்னார்" என்று ஒன்றரை வினாடியில் சொல்லி முடித்தாள்.

"வினாடிக்குப் பன்னிரண்டு எழுத்துதான். பதினெட்டுக்குள்ள வரணும், இது இடைவெளியோட இருபத்தொண்ணு. 'கதவு பூட்டியிருந்தது'ன்னு போடும்மா."

"அப்போ பூட்டினது பேயா சார்?"

பேசி முடித்த தையல்காரம்மா, காட்சி மாறும்வரை அரை வினாடி வாய்மூடிப் பார்த்தாள். வரி திரையில் நிற்கும் நேரத்தை அக்கா அதுவரை நீட்டினாள்.

"ரெண்டு வினாடி, இருபத்துநாலு எழுத்து. மிச்சத்துல ஆச்சரியக்குறி போடட்டுமா?"

"வம்பை விலைக்கு வாங்காதே."

"வாங்கியாச்சு சார்."

பிறகு யாரும் வரியை மாற்றிவிடாதபடி, இரண்டு வரிகளையும், வெட்டச் சொன்னவர் யாரென்பதையும் இயக்குநருக்கு எழுதினாள். உறையை ஒட்டி, மேலாளர் பார்த்திருக்கவே கூரியர்காரரிடம் கொடுத்தாள்.