மூன்று நட்சத்திரம்

நான் பகலில் வேலை பார்க்கும் ஆஃப்ரின் அக்காவின் கடை, வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் கடை, விற்பனையின்றி மூடும் நிலையில் இருந்தது. என் மாலை வகுப்புத் தோழர்கள் பதினெட்டுப் பேர் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போடத் தயாரானார்கள்.

"வாங்காதவுக எதை மெச்சுவாக? என் மூஞ்சியையா?"

அக்கா தடுத்துவிட்டு, வாங்கிய பதினோரு பேரிடமும் உள்ளதை எழுதக் கேட்கச் சொன்னார். அவர்களில் பரளச்சி ஊர் மாரீஸ்வரன், "ஒரு ஏக்கருக்கு மேல் சார்ஜ் நிற்காது" என்று மூன்று நட்சத்திரம் போட்டார். அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். அக்காவோ, "உண்மைதான். நிலம் அதிகமென்றால் இது வேண்டாம்" என்று அதன் கீழே பதில் எழுதினார்.

இன்று நரிக்குடியிலிருந்து தங்கலட்சுமி என்பவர் வந்தார்.

"எனக்கு முக்கால் ஏக்கருதான். கூகுள்ல குறையையும் மறைக்காம வச்சிருக்கீக. அதான் நம்பி பஸ்ஸு ஏறுனேன்."

அவருடன் ஊர்க்காரர்கள் நால்வர். பிரமித்து நின்ற என்னை அக்காதான் உலுக்கினார்: "பெட்டியப் பிரிப்பா!"